போன வழியே திரும்பினால் 98 எப்படி 99 ஆகிறது?

பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். ஒரு சார்பின் நேர்மாறைக் கண்டுபிடித்த பிறகு g(f(x)) = x என்று சரிபார்த்தாகிவிட்டது; அதற்குப் பின்னும் f(g(x)) = x என்று எழுதிக் காட்டாவிட்டால் ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைக்கிறார், ஒரே வேலையை இரண்டு முறை செய்யச் சொல்வது எதற்காக என்பது அவர் கேள்வி. ஆசிரியர் செய்வது சரிதான். ஆனால் பாடநூலில் வரும் பெரும்பாலான கணக்குகளில் இரண்டு விடைகளும் ஒன்றுபோலவே வந்துவிடுவதால், இரண்டாவது சோதனைக்கு என்ன வேலை என்பது மாணவர் கண்ணில் படுவதேயில்லை. அது கண்ணில் படும் இடம் ஒன்று நம் வீட்டு மருந்துப் பெட்டியிலேயே இருக்கிறது.

செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக மாற்றும் விதி f(x) = 1.8x + 32. இது இரண்டு சார்புகளின் சேர்ப்பு: முதலில் 1.8 ஆல் பெருக்குகிறோம், பிறகு 32 கூட்டுகிறோம். நேர்மாறைக் காண, y = 1.8x + 32 என்று எழுதி x ஐத் தனிமைப்படுத்தினால் போதும்; g(y) = (y − 32)/1.8 என்று கிடைக்கிறது. கடைசியாகச் செய்த கூட்டலை முதலில் கழித்து நீக்குகிறோம், முதலில் செய்த பெருக்கலைக் கடைசியாக வகுத்து நீக்குகிறோம். சேர்ப்பின் நேர்மாறில் வரிசை தலைகீழாகும் என்ற விதி இதுதான்.

வரிசையை மாற்ற மறந்து, முதலில் 1.8 ஆல் வகுத்துப் பிறகு 32 ஐக் கழிப்பது தேர்வுத்தாள்களில் அடிக்கடி காணப்படும் பிழை. அப்படிச் செய்தால் 98.6 டிகிரி ஃபாரன்ஹீட், 37 டிகிரி செல்சியஸ் ஆவதற்குப் பதிலாக ஏறத்தாழ 22.78 ஆகிறது. இந்தப் பிழை எந்த எண்ணிலும் தற்செயலாகக்கூடச் சரியான விடை தராது. சரியான முறையில் 32 உம் சேர்ந்து 1.8 ஆல் வகுபட்டு 17.78 ஆகிவிடுகிறது, பிழையான முறையிலோ முழு 32 உம் கழிபடுகிறது, ஆகவே எங்கே எடுத்தாலும் விடை சுமார் 14.22 குறைந்தே நிற்கும். ஏதாவது ஓர் எண்ணை இட்டுப் பார்த்தாலே பிழை வெளிப்பட்டுவிடும்.

இதுவரை எல்லாம் மெய்யெண்களில் நடந்தது. இங்கே g(f(x)) உம் x தான், f(g(y)) உம் y தான். இரண்டு சோதனைகளும் அலுப்பூட்டும் அளவுக்கு ஒத்துப்போகின்றன. இனி ஒரே ஒரு மாற்றம் செய்வோம். ஒவ்வொரு முறை மாற்றியதும் விடையை அருகிலுள்ள முழு எண்ணாக முழுமைப்படுத்திவிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இப்போது f, g இரண்டுமே முழு எண்ணை வாங்கி முழு எண்ணைத் தரும் புதிய சார்புகள்.

37 டிகிரி செல்சியஸில் தொடங்குவோம். f அதை 98.6 ஆக்கி, முழுமைப்படுத்தி, 99 என்கிறது. அந்த 99 ஐ g இடம் கொடுத்தால் 67/1.8, அதாவது சுமார் 37.22 வந்து, 37 ஆகிறது. புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம். இது 37 க்கு மட்டும் வாய்த்த அதிர்ஷ்டம் அன்று. முழுமைப்படுத்தும்போது ஃபாரன்ஹீட்டில் அரை டிகிரிக்கு மேல் பிழை வராது, அதை 1.8 ஆல் வகுத்தால் செல்சியஸில் 0.28 ஐத் தாண்டாது. அரை டிகிரிக்கும் குறைவான அந்தச் சிறு விலகலை இரண்டாவது முழுமைப்படுத்தல் விழுங்கிவிடுகிறது. எனவே எந்த முழு எண் x க்கும் g(f(x)) = x. நம் மாணவர் இங்கேயே பேனாவை மூடிவைத்திருப்பார்.

மறுபக்கத்திலிருந்து தொடங்கினால் கதை வேறு. 98 டிகிரி ஃபாரன்ஹீட்டை g சுமார் 36.67 ஆக்கி, 37 என்கிறது. 37 ஐ f இடம் கொடுத்தால், சற்றுமுன் பார்த்தபடி, 99. சென்றது 98, திரும்பியது 99. காரணம், 98, 99 ஆகிய இரண்டையும் g ஒரே 37 க்கு அனுப்பிவிடுகிறது. அந்த 37 எந்த எண்ணிலிருந்து வந்தது என்ற செய்தி அங்கேயே அழிந்துவிட்டது. f எவ்வளவு சாமர்த்தியமாக இருந்தாலும் இரண்டில் ஒன்றைத்தான் திருப்பித் தர முடியும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, எத்தனை எண்கள் இப்படித் திரும்பாமல் போகும் என்பதைக் கணக்கிட ஒவ்வொன்றாகச் சோதிக்கவே தேவையில்லை என்பதுதான். நீர் உறையும் நிலையிலிருந்து கொதிக்கும் நிலை வரை செல்சியஸில் 0 முதல் 100 வரை 101 முழு எண்கள் உள்ளன. ஃபாரன்ஹீட்டில் 32 முதல் 212 வரை 181. ஒவ்வொரு செல்சியஸ் எண்ணும் g வழியாகத் தன்னிடமே திரும்புவதால், f அந்த 101 எண்களையும் 101 வெவ்வேறு இடங்களுக்கு அனுப்புகிறது, அதாவது f ஒன்றுக்கு ஒன்றான சார்பு. ஆனால் 181 இடங்களில் மீதி 80 இடங்களை அது தொடுவதே இல்லை. அது மேல் சார்பு அன்று. f தொடாத எண் எதுவும் f(g(y)) இன் விடையாக வர முடியாது. ஆகவே சரியாக 80 எண்கள் திரும்புவதில்லை. முதல் சோதனை f ஒன்றுக்கு ஒன்றானது என்று உறுதிசெய்கிறது. இரண்டாவது சோதனை அது மேல் சார்பு என்று உறுதிசெய்கிறது. இருபுறச் சார்புக்கே நேர்மாறு உண்டு என்பதால், ஒன்றை விட்டால் பாதிச் சான்றுதான் கையில் இருக்கும்.

தசமப் புள்ளி சேர்ப்பதால் இது தீர்ந்துவிடாது. ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், அளவைச் செல்சியஸில் ஒரு தசம இடத்துக்கு முழுமைப்படுத்தி வைத்துக்கொண்டு, பிறகு ஃபாரன்ஹீட்டாக மாற்றி அதையும் ஒரு தசம இடத்தோடு காட்டுகிறது எனில், 37.0 க்கு 98.6 உம் 37.1 க்கு 98.8 உம் திரையில் வரும். 98.7 என்ற எண்ணை அது ஒருபோதும் காட்டாது, 98.9, 99.2, 99.4 ஆகியவையும் அப்படியே. 98.6 என்ற புகழ்பெற்ற எண்ணும் இந்த மாற்றத்தில் பிறந்ததுதான். ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிக் 1868 இல் வெளியிட்ட ஆய்வில் உடல் வெப்பநிலைக்குத் தந்த சராசரி 37 டிகிரி செல்சியஸ். அதை f இல் இட்டதால் வந்த .6 ஐ நுட்பமான அளவீடு என்று நம்பி, 98.8 ஐப் பார்த்ததும் பதறுவோரை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

இரண்டு சோதனைகளும் வெற்றி பெற்றாலும் அவை சொல்லாத ஒன்று உண்டு. இரட்டிப்பாக்கி 30 கூட்டு என்று ஒரு மனக்கணக்கு விதி இருக்கிறது. 30 கழித்துப் பாதியாக்கு என்பது அதன் நேர்மாறு. மெய்யெண்களில் இரண்டும் ஒன்றையொன்று பிசிறின்றி நீக்குகின்றன: 37 சென்று 104 ஆகி, 104 திரும்பி 37 ஆகிறது. ஆனால் 37 டிகிரி என்பது 104 ஃபாரன்ஹீட் அன்று. 10 டிகிரி செல்சியஸ் ஒன்றைத் தவிர வேறெங்கும் இந்த விதி உண்மையான மாற்றத்தோடு பொருந்துவதில்லை. போகும்போது இந்த மனக்கணக்கையும் வரும்போது சரியான g ஐயும் பயன்படுத்தினால், 37 டிகிரியில் புறப்பட்டவர் 104 ஐத் தொட்டு, திரும்பும்போது 40 டிகிரிக் காய்ச்சலோடு வந்து சேர்வார்.