ஆந்தைக்கும் அந்தப் பெருமை உண்டு

போன மாதம் ஒரு பள்ளியின் பேச்சுப்போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் மேடையேறி, ஆங்கிலத்தில் 'எய்ட்' என்பது நம் 'எட்டு' என்றான். 'ஒன்' என்பது நம் 'ஒன்று', 'கேஷ்' என்பது நம் 'காசு', ஆங்கிலமே தமிழிலிருந்து கடன் வாங்கிப் பிழைக்கும் மொழி என்று முழங்கினான். அரங்கம் கைதட்டியது. நான் குறைத்து மதிப்பெண் போட்டேன். வெளியே வந்ததும் அவன் தந்தை என்னை மறித்து, "ஐயா, அகராதி வேலை பார்க்கிறவர் என்கிறார்கள், நீங்களே தமிழுக்கு எதிராக இருக்கலாமா?" என்று கேட்டார்.

இருபது ஆண்டுகளாகச் சொல் அட்டைகளோடு மல்லுக்கட்டுகிறேன். இந்தக் கேள்வியை இந்த ஆண்டில் மட்டும் நான்காவது முறையாகக் கேட்கிறேன். ஆகவே இன்று எழுதியே விடுகிறேன்.

எட்டை எடுத்துக்கொள்வோம். 'எய்ட்' என்று எழுதும்போது நடுவில் உச்சரிக்கப்படாத இரண்டு எழுத்துகள், ஒரு ஜி, ஒரு எச், கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை வெறும் அலங்காரமல்ல. ஒரு காலத்தில் அங்கே தொண்டையிலிருந்து ஓர் ஓசை வந்தது. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் 'எயஹ்த' என்பதுபோல் ஒலித்தது. ஜெர்மன்காரர்கள் இன்னும் 'அஹ்ட்' என்கிறார்கள். இலத்தீனில் 'ஒக்டோ', சமஸ்கிருதத்தில் 'அஷ்ட'. பழைய ரோமானிய நாள்காட்டியின் எட்டாம் மாதமான அக்டோபரும், நம் வீட்டுக் காலண்டரில் இருக்கும் அஷ்டமியும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். 'எய்ட்' அந்த வீட்டுப் பிள்ளைதான்.

இப்போது நம் எட்டைப் பின்னோக்கிப் பாருங்கள். எட்டுப் பத்துகள் சேர்ந்தால் எட்டுபது என்றா சொல்கிறோம்? எண்பது. எண்ணூறு. எண்திசை. எண் சாண் உடம்பு. கன்னடத்தில் 'எண்டு', தெலுங்கில் 'எனிமிதி'. ஆக, அடிச்சொல் 'எண்'. தனியாக நிற்கும்போது மட்டும் மூக்கொலி தேய்ந்து, 'ட்' இரட்டித்து, 'எட்டு' ஆகியிருக்கிறது. அந்தப் பக்கம் பின்னால் போனால் 'ஒக்டோ' வருகிறது, இந்தப் பக்கம் போனால் 'எண்' வருகிறது. இன்றைக்கு ஒன்றுபோல் ஒலிக்கும் இரண்டு சொற்களும் பின்னால் போகப் போக விலகுகின்றன. உறவுள்ள சொற்கள் இப்படிச் செய்யா. அவை பின்னால் போகப் போக நெருங்கும். பாட்டன் வீட்டை நோக்கி நடக்கும்போது பங்காளிகள் பிரிந்து போவார்களா என்ன?

'ஒன்' கதையும் இதேதான். இன்றைய உச்சரிப்பு ஆங்கிலத்தில் பின்னாளில் ஒட்டிக்கொண்டது. பழைய வடிவம் 'ஆன்'. 'அலோன்', 'ஒன்லி' என்ற சொற்களுக்குள்ளும் இருப்பது அதே எண்ணுப்பெயர்தான். அவற்றில் அந்தப் புது உச்சரிப்பு ஏறவில்லை.

"இத்தனை ஒற்றுமையும் தற்செயலா?" என்று அடுத்த கேள்வி வரும். ஆமாம், தற்செயல்தான். ஆஸ்திரேலியாவின் பழங்குடி மொழிகளில் ஒன்று ம்பபாரம். அதில் நாய்க்குப் பெயர் 'டாக்'. ஆங்கிலத்திலும் அதுவே. ஆனால் பக்கத்து மொழிகளைப் பார்த்தால் 'குடக' என்று இருக்கிறது. முன்னொலி உதிர்ந்து, பின்னொலி தேய்ந்து, கடைசியில் ஆங்கிலச் சொல்லின் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. மனிதர் வாயில் பிறக்கும் ஒலிகள் கொஞ்சம், மொழிகளில் உள்ள சொற்களோ பல்லாயிரம். மோதாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

காசு மட்டும் கொஞ்சம் சிக்கலானது. அந்தப் பையன் இதில் பாதி சரி. ஆங்கிலத்தில் 'கேஷ்' என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. ரொக்கப் பணத்தைக் குறிப்பது ஒன்று. அது இலத்தீனில் பெட்டியைக் குறித்த 'காப்சா'விலிருந்து, இத்தாலிய 'காஸ்ஸா' வழியில், பணப்பெட்டி என்ற பொருளோடு வந்து, பின் பெட்டிக்குள் இருக்கும் பணத்துக்குப் பெயரானது. இன்னொரு 'கேஷ்' ஆசியாவின் சிறு நாணயங்களுக்கு ஐரோப்பியர் வைத்த பெயர். அது நம் காசுதான், போர்த்துக்கீசியர் வாய் வழியாகப் போனது. கிழக்கிந்தியக் கம்பெனி 1808-இல் சென்னை மாகாணத்துக்காக அடித்த செப்புக்காசு ஒன்று என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்தோடு '20 கேஷ்' என்று ரோமன் எண்ணில் பொறித்திருக்கிறது. அந்த 'கேஷ்' தமிழ். வங்கியில் எண்ணிக் கொடுக்கும் 'கேஷ்' தமிழ் அல்ல. இரண்டும் பின்னாளில் ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து நின்றதால் வந்த வினை இது.

கட்டுமரம் 'கடமரான்' ஆனதும், சுருட்டு 'ஷெரூட்' ஆனதும், மிளகுத்தண்ணீர் 'மலிகடானி' சூப் ஆனதும் உண்மை. சந்தேகமே வேண்டாம், தாராளமாக மேடையில் சொல்லுங்கள். பொருள் எங்கிருந்து போனது, யார் கொண்டுபோனார்கள் என்பதெல்லாம் தெரிந்த கதை. ஆனால் எண்ணிக்கைச் சொல்லை யார் எந்தக் கப்பலில் ஏற்றினார்கள்?

இதைவிட என்னை அதிகம் படுத்துவது சொல்லைப் பிய்த்துப் பொருள் சொல்லும் பழக்கம். நன்கு படித்த ஒருவர், 'சன்னமான இல்' என்பதே ஜன்னல் என்று எனக்குப் பாடம் நடத்தினார். ஐயா, போர்த்துக்கீசிய மொழியில் அது 'ஜனேலா'. சிங்களத்தில் 'ஜனேலய', மலாயில் 'ஜென்டேலா'. போர்த்துக்கீசியர் கப்பல் நிறுத்திய துறைகளிலெல்லாம் இந்தச் சொல் இருக்கிறது. நம்மிடம் ஏற்கெனவே சாளரமும் பலகணியும் இருந்தன. சாவியும் மேசையும் அலமாரியும் அதே கப்பலில் வந்தவைதான்.

அப்புறம் 'அம்மா'. உயிர், மெய், உயிர்மெய் மூன்றும் வரிசையாக வருவதால் நம் முன்னோர் ஆராய்ந்து அமைத்த சொல்லாம். இது எனக்கு மாதம் ஒருமுறை வருகிறது, பூப்படத்தோடு. ஆந்தை என்ற சொல்லைப் பாருங்கள்: ஆ உயிர், ந் மெய், தை உயிர்மெய். உப்பும் அப்படியே. இட்லியும் அப்படியே. எந்தச் சொல்லுக்கும் பொருந்துகிற விளக்கம் எந்தச் சொல்லுக்கும் விளக்கமல்ல. தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

ஒரு வேர்ச்சொல் விளக்கம் கைக்கு வந்தால் முதலில் அந்தச் சொல்லின் பழைய வடிவத்தைத் தேடுங்கள். இன்றைய உச்சரிப்பை வைத்து எதுவும் சொல்லாதீர்கள். அடுத்து, பக்கத்து மொழிகளில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி இணையத்திலேயே கிடைக்கிறது, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும் கிடைக்கிறது. ஐந்து நிமிட வேலை. இரண்டிலும் பிடி கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்று விட்டுவிடுங்கள், இட்டுக்கட்டாதீர்கள். 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' என்று தொல்காப்பியர் உரியியலில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சொல்லுக்கு அந்தப் பொருள் வந்த காரணம் பார்த்த மாத்திரத்தில் புலப்படாது என்கிறார். தமிழுக்கு எதிரி என்று அவரை யாரும் மறித்ததாகத் தெரியவில்லை.

அன்று தந்தை திட்டி முடித்த பிறகு அந்தப் பையன் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான். "சார், எட்டுக்கு எண்பது சரி. ஒன்பதுக்கு ஏன் தொண்ணூறு? 'தொ' எங்கிருந்து வந்தது?" என்று கேட்டான். அவன் நோட்டை வாங்கி, பரிபாடலில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வரும் அடியை எழுதிக் கொடுத்தேன். எட்டுக்கு அடுத்து அதில் ஒன்பது இல்லை, 'தொண்டு' என்று இருக்கிறது. பையன் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். தந்தை ஸ்கூட்டரில் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்.