முடி ஹெல்மெட் மாதிரி ஆவது ஏன்? கட்அவுட் ஓரத்தின் நான்கு ஸ்லைடர்கள்

கல்யாண ஆல்பம் வடிவமைப்பது என் தொழில். சில வருடங்களுக்கு முன் 12-க்கு 36 இஞ்ச் பக்கம் ஒன்று பிரிண்ட் ஆகி வந்தது. பச்சைச் சுவர் முன்னால் எடுத்த மணப்பெண்ணை வெட்டி, அடர் மெரூன் பின்னணியில் வைத்திருந்தேன். திரையில் முழுப் பக்கத்தையும் சுருக்கிப் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. ஆல்பத்தைப் பிரித்த பெண்ணின் அம்மா, "என்ன தம்பி, பொண்ணைச் சுத்திப் பாசி புடிச்ச மாதிரி இருக்கு" என்றார். உண்மைதான், தோளைச் சுற்றி மெல்லிய பச்சைக் கோடு. முடியோ இன்னும் மோசம், இழை ஒன்றுகூட இல்லாமல் ஹெல்மெட் மாட்டியது போல.

தப்பு எங்கே என்று தேடியபோதுதான், அந்த நான்கு ஸ்லைடர்களையும் இத்தனை நாள் குத்துமதிப்பாக இழுத்துக்கொண்டிருந்தேன் என்பது புரிந்தது. ஃபோட்டோஷாப்பில் முன்பு Refine Edge என்று இருந்து, 2016-இல் Select and Mask என்று மாறிய அந்தப் பெட்டியைத்தான் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம் பிடிபட வேண்டும். நான்கில் ரேடியஸ் மட்டும்தான் உங்கள் படத்தைப் பார்க்கிறது. ஸ்மூத், கான்ட்ராஸ்ட், ஷிப்ட் எட்ஜ் மூன்றுக்கும் படத்தில் முடி இருக்கிறதா சுவர் இருக்கிறதா என்பதெல்லாம் தெரியாது. எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று குறித்து வைக்கும் மாஸ்க்கில் இருக்கும் கருப்பு, வெள்ளை, சாம்பலை மட்டும் வைத்து வேலை செய்கின்றன. அதனால் ரேடியஸ் கண்டுபிடிக்காத முடியை மற்ற மூன்றால் கொண்டுவரவே முடியாது. நான் செய்ததோ தலைகீழ்: ரேடியஸை 0-விலேயே விட்டுவிட்டு, ஓரம் சரியில்லை என்று கான்ட்ராஸ்ட்டைக் கூட்டிக்கொண்டே போனேன்.

அந்தப் படத்தையே மறுபடி எடுத்து உட்கார்ந்தேன். 4000-க்கு 6000 பிக்சல், 24 மெகாபிக்சல் கேமராவின் ஒரிஜினல். க்விக் செலக்‌ஷனில் பெண்ணைத் தேர்ந்தெடுத்து, உள்ளே போய், K விசையைத் தட்டி Black & White பார்வைக்கு மாற்றிக்கொண்டேன். மாஸ்க்கை மாஸ்க்காகவே பார்த்தால்தான் எந்த ஸ்லைடர் என்ன செய்கிறது என்று தெரியும். வெள்ளை முழுதாகத் தெரியும் இடம், கருப்பு மறையும் இடம், சாம்பல் பாதி தெரியும் இடம்.

ரேடியஸ் என்பது செலக்‌ஷன் கோட்டையொட்டி விழும் ஒரு பட்டையின் அகலம். அந்தப் பட்டைக்குள் இருக்கும் ஒவ்வொரு பிக்சலையும் இது ஆளா, சுவரா, இரண்டும் கலந்ததா என்று படத்தின் நிறத்தை வைத்து அது புதிதாக முடிவு செய்கிறது. 2 வைத்தேன்: புடவை ஓரம் கச்சிதம், முடி அப்படியே மொட்டை. 40-க்கு ஏற்றினேன்: காதோரம் பறக்கும் இழைகள் ஒவ்வொன்றாகச் சாம்பல் கோடுகளாக மாஸ்க்கில் வந்துவிட்டன. ஆனால் கீழே பார்த்தால் ஜாக்கெட் கையில் புகை படிந்த மாதிரித் திட்டுத் திட்டாகச் சாம்பல். காரணம் எளிது, அந்த ஜாக்கெட்டும் பச்சை, சுவரும் பச்சை. பட்டை அகலமானதும் ஜாக்கெட்டின் உள்பக்கத்தையும் சுவர் என்று சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டது. இதை அப்படியே மெரூன் மேல் வைத்தால் கை வழியாகப் பின்னணி தெரியும். ஸ்மார்ட் ரேடியஸை டிக் செய்தால் ஓரத்துக்கு ஏற்ப அகலத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும், கொஞ்சம் உதவும். ஒரே மாதிரி நிறம் மோதும் இடத்தில் அதுவும் ஏமாறும்.

அப்புறம் ஸ்மூத். கோட்டில் இருக்கும் மேடு பள்ளங்களைச் சமன் செய்வது இதன் வேலை. க்விக் செலக்‌ஷன் விட்டுப் போகும் நெளிவுகளை 5 அல்லது 6 வைத்தாலே தோளில் சரி செய்துவிடலாம். ஆனால் அதற்கு நெளிவும் ஒன்றுதான், மல்லிகைப் பூ இதழின் நுனியும் ஒன்றுதான். 30 வைத்துப் பார்த்தேன், தலையில் வைத்த பூச்சரம் மழுங்கிய சோப்புக்கட்டி மாதிரி ஆனது, ஜிமிக்கியின் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. முடி இழை ஒன்றிரண்டு பிக்சல் அகலம்தான், முதலில் பலியாவது அதுதான். முடிக்கு ஸ்மூத் 0. இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயமே இல்லை.

கான்ட்ராஸ்ட்டும் ஷிப்ட் எட்ஜும் சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும், இரண்டுமே சாம்பலோடு விளையாடுபவை. மாஸ்க்கில் லெவல்ஸ் போட்டுப் பழகியிருந்தால், இரு முனைகளையும் நெருக்கிக் கொண்டுவருவது கிட்டத்தட்ட கான்ட்ராஸ்ட், நடு முனையை நகர்த்துவது கிட்டத்தட்ட ஷிப்ட் எட்ஜ். கான்ட்ராஸ்ட் ஏறும்போது வெளிர் சாம்பல் வெள்ளையாகும், அடர் சாம்பல் கருப்பாகும். புடவை ஓரத்துக்கு இது நல்லது. ஸ்மூத் போட்டதால் லேசாகக் கலங்கிய கோடு 15 வைத்ததும் திரும்பக் கூர்மையானது. முடியிலோ மெல்லிய இழைகள் எல்லாம் அடர் சாம்பலில்தான் இருக்கும், அவை மொத்தமாகக் கருப்புக்குள் போய்விடும், தடித்த கொத்துகள் மட்டும் வெட்டி ஒட்டிய காகிதம் போல நிற்கும். ரேடியஸ் 0-வால் ஏற்கனவே மொட்டையான என் ஹெல்மெட்டை இன்னும் கெட்டியாக்கியதும் இதுதான், அன்றைக்கு 60 வைத்திருந்தேன்.

ஷிப்ட் எட்ஜ் மைனஸில் போனால் ஓரம் உள்ளே வரும், பிளஸ்ஸில் வெளியே போகும். பச்சைக் கோட்டை மறைக்க எல்லோரும் கை வைப்பது இதில்தான், சரியான இடமும்கூட. ஆனால் அது பிக்சல் கணக்கு இல்லை, சதவீதக் கணக்கு. ஓரத்தில் இருக்கும் மென்மைக்குள்தான் நகர முடியும். கத்தியால் வெட்டியது போல ஓரம் இருந்தால் மைனஸ் 50 வைத்தாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. தோளுக்கு மைனஸ் 20 போதுமாக இருந்தது. அதே மைனஸ் 20 முடியில் இழைகளின் நுனிகளைத் தின்றுவிட்டது. முடியில் பச்சை போக வேண்டுமானால் வழி வேறு: Decontaminate Colors. அது மாஸ்க்கைத் தொடாமல், ஓரப் பிக்சல்களின் நிறத்தையே பக்கத்து முடியின் நிறத்துக்கு மாற்றுகிறது. படத்தை மாற்றுவதால்தான் முடிவைப் புதிய லேயரில் கொடுக்கிறது.

ஆகவே ஒரே மதிப்பு இரண்டு இடத்துக்கும் ஒத்துவராது. நான் இப்போது இரண்டு தடவை வெட்டுகிறேன். உடம்புக்கு ரேடியஸ் 2, ஸ்மூத் 5, கான்ட்ராஸ்ட் 15, ஷிப்ட் எட்ஜ் மைனஸ் 20. முடிக்கு ரேடியஸ் 40, மற்ற மூன்றும் 0, Decontaminate Colors டிக். இரண்டு லேயரையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து, கழுத்துப் பக்கத்தில் மென்மையான பிரஷ்ஷால் மாஸ்க்கில் தடவி இணைத்துவிடுவேன். பிறகு கீழே உண்மையான மெரூனைப் போட்டு, 100 சதவீத ஜூமில் ஓரத்தைச் சுற்றி ஒரு நடை. Remember Settings டிக் ஆகியிருக்கிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள், ஆகியிருந்தால் போன படத்தின் எண்கள் சத்தமில்லாமல் இந்தப் படத்தில் வந்து உட்கார்ந்திருக்கும்.

இந்த எண்களை அப்படியே எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டாம். ரேடியஸ் பிக்சலில் அளக்கப்படுவது. இதே படம் 1200 பிக்சல் உயரத்துக்குச் சுருங்கி வந்தால் 40 என்பது 8 ஆகிவிடும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பியது என்றால் அதுவும் பலிக்காது. அமுக்கப்பட்ட ஜேபெக்கில் முடியைச் சுற்றிச் சதுரம் சதுரமாகக் கலங்கல் இருக்கும், ரேடியஸ் அதையும் முடி என்று எடுத்துக்கொள்ளும். அப்படி வந்தால் நான் ஸ்லைடரைத் தொடுவதே இல்லை, டாக்குமென்டாகத் திரும்ப அனுப்பச் சொல்லிவிடுகிறேன்.