ஆரஞ்சுச் சாற்றில் கலந்த தண்ணீரைக் காட்டிக்கொடுக்கும் ஃபார்மலின்

700 மி.லி. ஆரஞ்சுச் சாற்றில் 300 மி.லி. தண்ணீரை ஊற்றினால் இனிப்பும் புளிப்பும் குறையும். குறைந்த இனிப்புக்குக் கொஞ்சம் சர்க்கரை, குறைந்த புளிப்புக்குக் கொஞ்சம் சிட்ரிக் அமிலம் சேர்த்துவிட்டால் சரி. கரைந்த சர்க்கரையைக் காட்டும் பிரிக்ஸ் அளவு ரிஃப்ராக்டோமீட்டரில் பழையபடி 11.2 என்றே இருக்கும். அமிலத்தன்மையும் ஒழுங்காக இருக்கும். குடித்துப் பார்ப்பவருக்கும் பெரிய சந்தேகம் வராது. கலப்படம் செய்தவர் ஈடுகட்ட மறந்தது சாற்றில் இயற்கையாகவே கரைந்திருக்கும் அமினோ அமிலங்களைத்தான். தண்ணீர் கலந்த அளவுக்கு அவை குறைந்துபோயிருக்கும். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு ப்யூரெட், ஒரு pH மீட்டர், ஃபார்மால்டிஹைடை நீரில் கரைத்த ஃபார்மலின் கொஞ்சம் இருந்தால் போதும். இந்தச் சோதனைக்கு ஃபார்மால் டைட்ரேஷன் என்று பெயர்.

அமினோ அமிலம் என்றால் அமிலம்தானே, சோடியம் ஹைட்ராக்சைடை நேரே விட்டு அளந்துவிடலாமே என்று தோன்றும். அது நடக்காது. நடுநிலைக் கரைசலில் அமினோ அமிலத்தின் ஒரு முனை –COO⁻ என்றும் மறுமுனை –NH₃⁺ என்றும் இருக்கும். காரம் பிடுங்க வேண்டியது அந்த –NH₃⁺ வைத்திருக்கும் ஹைட்ரஜன் அயனியை. ஆனால் அது அதை லேசில் விடாது. கிளைசின் என்ற எளிய அமினோ அமிலத்தை எடுத்துக்கொண்டால் அந்த முனையின் pKa, அதாவது பாதி மூலக்கூறுகள் அயனியை விட்டிருக்கும் pH, 9.8 அளவில் இருக்கிறது. pH 8.1 வரைக்கும் காரம் விட்டாலும் நூற்றில் இரண்டு மூலக்கூறுகள்தான் அயனியைக் கைவிட்டிருக்கும். எல்லாவற்றையும் பிடுங்க pH 11-க்கும் மேலே போக வேண்டும். அந்த உயரத்தில் pH ஏற்றம் மழுங்கலாக இருக்கும். எந்தத் துளியில் வேலை முடிந்தது என்று சொல்ல முடியாது.

இங்கேதான் ஃபார்மால்டிஹைடு உள்ளே வருகிறது. அயனியை விட்ட –NH₂ முனையோடு அது உடனே சேர்ந்து –NHCH₂OH ஆகவும், இன்னொரு மூலக்கூறும் சேர்ந்தால் –N(CH₂OH)₂ ஆகவும் மாறுகிறது. இப்படிச் சேர்ந்த நைட்ரஜனுக்கு ஹைட்ரஜன் அயனியைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும் பலம் வெகுவாகக் குறைந்துவிடும். போதிய ஃபார்மால்டிஹைடு இருந்தால் pKa மூன்று அலகுகளுக்குமேல் இறங்கி 6-க்கும் 7-க்கும் இடையே வந்து நிற்கும். அப்போது pH 8.1-லேயே ஏறக்குறைய முழு டைட்ரேஷனும் முடிந்துவிடுகிறது. ஒரு அமினோ முனைக்கு ஒரு ஹைட்ரஜன் அயனி, அதற்கு ஒரு ஹைட்ராக்சைடு அயனி. கணக்கு அவ்வளவுதான்.

இதை 1907-இல் அளவு முறையாக ஆக்கியவர் டென்மார்க்கின் சோரன்சென். கோபன்ஹேகனில் பீர் நிறுவனம் ஒன்று நிறுவிய கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில், கெல்டாலுக்கு அடுத்து வேதியியல் பிரிவின் தலைவராக வந்தவர். கெல்டாலின் முறை மொத்த நைட்ரஜனையும் அளக்கும். புரதமாக இருக்கிறதா, உடைந்து தனி அமினோ அமிலமாகிவிட்டதா என்று அதற்குத் தெரியாது. சோரன்செனுக்கு வேண்டியிருந்தது அந்த வித்தியாசம்தான். ஒரு நொதி புரதத்தின் பெப்டைடு பிணைப்பு ஒன்றை வெட்டினால் புதிதாக ஒரு அமினோ முனை பிறக்கிறது. ஆகவே ஃபார்மால் அளவு ஏற ஏற வெட்டும் ஏறுகிறது என்று பொருள். அதே நொதி ஆராய்ச்சியின் நடுவில், 1909-இல், pH என்ற அளவுகோலையும் அவரே கொண்டுவந்தார். இன்றைக்கு இந்தச் சோதனையை pH மீட்டர் வைத்துச் செய்வது ஒருவகையில் அவருடைய இரண்டு வேலைகளையும் சேர்த்துச் செய்வதுதான்.

சரி, சாற்றுக்கு வருவோம். 25 மி.லி. ஆரஞ்சுச் சாற்றைப் பிப்பெட்டில் எடுத்து பீக்கரில் விட்டு, காந்தக் கலக்கியைச் சுழலவிட்டு, 0.25 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடை pH 8.1 வரும்வரை சேர்க்க வேண்டும். சாற்றில் 0.9 சதவீதம் சிட்ரிக் அமிலம் இருந்தால் இதற்கே சுமார் 14 மி.லி. செலவாகும். இந்த 14 மி.லி.யைக் கணக்கில் எடுப்பதில்லை. அமினோ முனைகள் இன்னும் அயனியைப் பிடித்துக்கொண்டு இருக்கும்போதே பழத்தின் மற்ற அமிலங்களை ஒதுக்கிவைப்பதற்கான படி இது.

அடுத்து, ஏற்கெனவே pH 8.1-க்குச் சரிசெய்து வைத்த 35 சதவீத ஃபார்மால்டிஹைடு கரைசல் 10 மி.லி. சேர்க்கிறோம். மீட்டரில் எண் கடகடவென்று இறங்கி 7-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ போய் நிற்கும். வெளிவந்த ஹைட்ரஜன் அயனிகளின் வேலை அது. ஒரு நிமிடம் விட்டுவிட்டு, மறுபடியும் அதே காரத்தை pH 8.1 வரை விட வேண்டும். இந்த இரண்டாம் முறை செலவான அளவுதான் நமக்கு வேண்டிய விடை. பழச்சாற்று ஆய்வகங்கள் இதை ‘ஃபார்மால் எண்’ என்று சொல்கின்றன. 100 மி.லி. சாற்றுக்கு எத்தனை மி.லி. 0.1 மோலார் காரம் என்பது அதன் பொருள். 25 மி.லி. சாறு, 0.25 மோலார் காரம் என்று தேர்ந்தெடுத்ததன் வசதி இங்கே தெரியும்: ப்யூரெட் அளவைப் பத்தால் பெருக்கினால் எண் வந்துவிடும். 2.00 மி.லி. செலவானால் ஃபார்மால் எண் 20. அதாவது 100 மி.லி. சாற்றில் 2 மில்லிமோல் அமினோ முனைகள். நைட்ரஜனின் அணு எடை 14 என்பதால் 28 மி.கி. அமினோ நைட்ரஜன், லிட்டருக்கு 280 மி.கி.

தொடக்கமும் முடிவும் ஒரே pH-இல் இருப்பது தற்செயல் அல்ல. சிட்ரேட்டும் பாஸ்பேட்டும் இடையில் கொஞ்சம் அயனியை வாங்கிக்கொண்டாலும், 8.1-க்குத் திரும்பும்போது அதைக் கக்கிவிடும். அதனால் அவை கணக்கைப் பெரிதாகக் குலைப்பதில்லை. பினால்ஃப்தலீன் போட்டு நிறம் பார்த்தும் செய்யலாம். ஆனால் ஆரஞ்சு நிறத்துக்குள் இளஞ்சிவப்பைத் தேடுவது கண்ணுக்குப் பெரிய சோதனை. மீட்டர் இருக்கும்போது எதற்கு அந்தப் பாடு?

சோதனை பிழைப்பது பெரும்பாலும் ஃபார்மலின் பாட்டிலில்தான். நாள்பட்ட ஃபார்மலினில் ஃபார்மிக் அமிலம் சேர்ந்துகொண்டே போகும். 0.03 சதவீதம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மி.லி.யில் சுமார் 3.3 மி.கி., அதாவது 0.07 மில்லிமோல். அதை நடுநிலையாக்க மட்டும் 0.28 மி.லி. காரம் போய்விடும். ஃபார்மால் எண்ணில் கிட்டத்தட்ட 3 புள்ளி பொய்யாக ஏறும். 17 இருக்க வேண்டிய சாறு 20 ஆகிவிடும். ஃபார்மலினை அன்றன்றைக்கு, அதே மீட்டரில் 8.1-க்குச் சரிசெய்யச் சொல்வது இதனால்தான். சாற்றுக்குப் பதில் தண்ணீர் வைத்து ஒரு வெற்றுச் சோதனை செய்தால் குறை உடனே தெரியும். இரண்டாம் கட்டத்தில் காரம் ஏறக்குறைய செலவாகவே கூடாது.

எதிர்த்திசையில் இழுப்பது சல்பைட். பாதுகாப்புக்காகச் சாற்றில் சேர்க்கப்படும் கந்தக டை ஆக்சைடு, pH 8.1-இல் பெரும்பாலும் சல்பைட்டாக இருக்கும். அது ஃபார்மால்டிஹைடோடு சேரும்போது ஹைட்ராக்சைடை வெளிவிடும். நாம் ப்யூரெட்டிலிருந்து விட வேண்டிய காரத்தை அதுவே கொடுத்துவிடுகிறது. லிட்டருக்கு 200 மி.கி. தனிநிலைக் கந்தக டை ஆக்சைடு இருந்தால் இதிலும் சுமார் 3 புள்ளி, ஆனால் கீழ்நோக்கி. ஆகவே அப்படிப்பட்ட மாதிரிகளில் முதலில் சில துளி ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு சல்பைட்டைச் சல்பேட்டாக்கிவிட வேண்டும். எல்லாவற்றையும் புகை உறிஞ்சும் அறைப்பெட்டிக்குள் வைத்துத்தான் செய்ய வேண்டும். ஃபார்மால்டிஹைடு கண்ணை எரிய வைப்பதோடு நிற்காது; புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள் அது.

எண்ணைப் படிக்கும்போதும் கொஞ்சம் நிதானம் வேண்டும். எல்லா நைட்ரஜனும் இதில் பேசுவதில்லை. அர்ஜினினில் நான்கு நைட்ரஜன் அணுக்கள் இருந்தாலும் ஒன்றுதான் கணக்கில் வரும். லைசினில் இரண்டும் வரும். ஆரஞ்சில் ஏராளமாக இருக்கும் புரோலின் ஓர் இரண்டாம்நிலை அமீன் என்பதால் முழுதாகக் காட்டாது. அம்மோனியமோ அமினோ அமிலமே இல்லாவிட்டாலும் ஃபார்மால்டிஹைடோடு ஹெக்சமீனாகி, ஓர் அயனிக்கு ஓர் ஹைட்ரஜன் அயனி என்று சரியாக உள்ளே நுழைந்துவிடும். சோயாப் புரதத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் வேகவைத்துச் செய்யும் நீராற்பகுப்புப் பொருளில் இது பெரிய தொல்லை. குளூட்டமின், அஸ்பராஜின் இரண்டிலிருந்தும் கழன்ற அம்மோனியா அங்கே அம்மோனியம் குளோரைடாக நிறையவே இருக்கும். அதைத் தனியே அளந்து கழிக்காமல் அமினோ நைட்ரஜன் என்று எழுதுவது சரியல்ல.

நொதியால் பாதி உடைத்த புரதத்தில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே பெரும்பாலும் சிறு பெப்டைடுகள். அவற்றின் அமினோ முனையின் pKa 8 அளவிலேயே இருக்கும். முதல் படியில் 8.1-க்குக் கொண்டுபோனால் பாதி முனைகள் ஃபார்மலின் வருவதற்கு முன்பே அயனியைக் கொடுத்து, நாம் கணக்கில் சேர்க்காத காரத்தில் கரைந்துவிடும். அதனால் நீராற்பகுப்புப் பொருள்களுக்கு முதல் படியை pH 7 அளவிலேயே நிறுத்தி, 7-இலிருந்து மேலே ஏற மற்ற பொருள்கள் குடிக்கும் காரத்துக்குத் தனியாக ஒரு திருத்தம் போடுவது நல்லது. ஆரஞ்சுக்கான செய்முறையை அப்படியே இங்கே தூக்கிவைக்கக் கூடாது.

திரும்பவும் அந்தத் தண்ணீர் கலந்த சாறு. அசல் சாற்றின் எண் 20 என்றால் கலந்தபின் 14. ஐரோப்பியச் சாற்றுத் துறை ஆரஞ்சுக்கு வைத்திருக்கும் வழக்கமான எல்லை 15 முதல் 26 வரை. ஆகவே 14 மாட்டிக்கொள்ளும். ஆனால் அசல் சாறு 24 ஆக இருந்திருந்தால்? கலந்தபின் 16.8 வரும், எல்லைக்குள் நல்லபிள்ளையாக உட்கார்ந்திருக்கும். இந்த எண்ணை மட்டும் வைத்துச் சுத்தமான சாறு என்று எழுதித்தர முடியாது.

கலப்படக்காரர் வேதியியல் தெரிந்தவராக இருந்தால் இன்னும் மலிவான வழி உண்டு. 14-ஐ 20 ஆக்க லிட்டருக்கு 6 மில்லிமோல் அமினோ முனைகள் போதும். கிளைசின் என்றால் 450 மி.கி. ஆயிரம் லிட்டர் சாற்றுக்கு அரைக்கிலோகூட ஆகாது. ஃபார்மால் எண் இப்போது அழகாக 20. ஆனால் அசல் ஆரஞ்சில் கிளைசின் லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம்தான். அமினோ அமிலங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் குரோமடோகிராமில் கிளைசின் மட்டும் எக்கச்சக்கமாக எழும்பி நிற்கும். புரோலின், அர்ஜினின், அஸ்பராஜின் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு போலக் குறைந்திருக்கும். அம்மோனியம் உப்பைச் சேர்த்திருந்தால் தனி அம்மோனியாச் சோதனையிலேயே வெளிவந்துவிடும். ஃபார்மால் எண் ஒழுங்காக இருந்தும் விலை சந்தேகப்படும் அளவுக்கு மலிவாக இருக்கும் சரக்கு என்றால், அந்த மாதிரியைக் குரோமடோகிராபிக்கு அனுப்பிப் பார்ப்பதுதான் சரி.