கல்லாவில் வந்த கள்ள நோட்டு: வங்கியில் கேட்டு வாங்க வேண்டிய ரசீது

ஒரு மளிகைக் கடைக்காரர் வார வசூலை வங்கியில் கட்ட வருகிறார். 500 ரூபாய் நோட்டு 97, மொத்தம் 48,500 ரூபாய். எண்ணும் இயந்திரம் இரண்டு நோட்டுகளை ஒதுக்கித் தள்ளுகிறது. கேஷியர் கையில் எடுத்துப் பார்க்கிறார். இரண்டும் கள்ள நோட்டு. அடுத்து என்ன நடக்க வேண்டும் என்பதை ரிசர்வ் வங்கி தெளிவாக விதித்திருக்கிறது. ஆனால் கவுன்ட்டருக்கு வெளியே நிற்பவர்களில் பலருக்கு அது தெரிவதில்லை.

கேஷியர் அந்த இரண்டு நோட்டுகளின் மேலும் அவர் கண்ணெதிரிலேயே 'கள்ள நோட்டு' என்ற முத்திரையைக் குத்திப் பறிமுதல் செய்ய வேண்டும். முத்திரையில் வங்கியின் பெயர், கிளை, கையொப்பம், தேதி எல்லாம் இருக்கும். கடைக்காரரின் கணக்கில் 47,500 ரூபாய்தான் ஏறும். அந்த ஆயிரம் ரூபாய் போனது போனதுதான். கவுன்ட்டரில் கொடுக்கப்படும் கள்ள நோட்டுக்கு வங்கி வேறு நோட்டும் தராது, வரவும் வைக்காது. கேட்க வருத்தமாக இருந்தாலும் இந்த இடத்தில் வாதாடிப் பயனில்லை.

வாதாட வேண்டிய இடம் வேறு. பறிமுதல் செய்த நோட்டுக்கு வங்கி ஒப்புகை ரசீது கொடுத்தே ஆக வேண்டும். கொண்டுவந்தவரின் பெயர், முகவரி, நோட்டின் எண், மதிப்பு, எதை வைத்து அது கள்ள நோட்டு என்று முடிவு செய்தார்கள் என்ற விவரம், இரு தரப்புக் கையொப்பம் ஆகியவை அதில் வரும். நீங்கள் கையெழுத்துப் போட மறுத்தாலும் ரசீது கொடுக்க வேண்டும் என்பதுதான் விதி.

"அண்ணே, இது செல்லாது, எடுத்துட்டுப் போயிடுங்க" என்று சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவது சில கவுன்ட்டர்களில் நடக்கிறது. வாடிக்கையாளர் மேல் உள்ள கரிசனத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் கள்ள நோட்டைத் திருப்பிக் கொடுப்பதும் கிழித்துப் போடுவதும் வங்கிக்குத் தடை செய்யப்பட்டவை. அப்படிச் செய்தால் கள்ள நோட்டுப் புழக்கத்துக்கு வங்கியே தெரிந்து துணை போனதாகக் கருதி அபராதம் விதிக்கலாம். உங்களுக்கும் அது உதவி அல்ல. கள்ள நோட்டு என்று ஒருவர் சொல்லக் கேட்ட பிறகும் அது உங்கள் பையில் இருக்கிறது என்றால், 'எனக்குத் தெரியாது' என்று சொல்லும் வாய்ப்பு போய்விடுகிறது.

சட்டம் பார்ப்பதும் அதைத்தான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவு, கள்ள நோட்டு என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ அதை நல்ல நோட்டாகப் புழங்க விடுபவருக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க இடம் தருகிறது. தெரிந்தே புழங்கவிடும் எண்ணத்தோடு வைத்திருப்பது 180-ஆம் பிரிவில் வருகிறது. அதற்கு 7 ஆண்டு வரை சிறை. முறையான வழியில்தான் வந்தது என்று நிரூபித்தால் வைத்திருந்தது குற்றமாகாது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. எனவே 500 ரூபாய் நட்டத்தைத் தவிர்க்க அந்த நோட்டை இருட்டிய பிறகு பக்கத்துப் பழக்கடையில் தள்ளிவிடுவதுதான் செய்யவே கூடாத காரியம். ஏமாந்தவர் அந்த நொடியில் குற்றவாளி ஆகிறார், நட்டமும் தன்னைவிட இல்லாத ஒருவர் தலையில் விழுகிறது.

எண்ணிக்கையும் முக்கியம். ஒரே தடவையில் 4 நோட்டு வரை சிக்கினால், வங்கி அவற்றை மாதக் கடைசியில் மொத்தமாக ஓர் அறிக்கையோடு காவல்துறைக்கு அனுப்பும். நம் கடைக்காரரின் இரண்டு நோட்டு இந்த வகை. 5 அல்லது அதற்கு மேல் போனால் உடனடியாகக் காவல் நிலையத்துக்கு அனுப்பி, எஃப்.ஐ.ஆர். பதியச் சொல்ல வேண்டும். எஃப்.ஐ.ஆர். என்றதும் பதற வேண்டாம். எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். அன்றைய விற்பனைப் பில், பெரிய தொகை கொடுத்த வாடிக்கையாளரின் விவரம், கடை சிசிடிவி பதிவு ஆகியவை அப்போது கைகொடுக்கும். கடை கேமராக்களில் பழைய பதிவுகள் தானாக அழிந்துவிடும் என்பதால், சந்தேகம் வந்த அன்றே அந்தப் பகுதியைத் தனியாக எடுத்து வையுங்கள்.

வாடிக்கையாளர் நீட்டும்போதே கண்டுபிடித்துவிட்டால் இவ்வளவும் தேவையில்லை. 500 ரூபாய் நோட்டைச் சற்றே சாய்த்துப் பாருங்கள். நடுவில் உள்ள பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலமாக மாற வேண்டும். வலது கீழ்ப்புறம் ரூபாய்க் குறியோடு உள்ள 500 என்ற எண்ணும் அப்படியே மாறும். இடது, வலது ஓரங்களில் ஐந்து கோடுகள் மேடாக இருக்கும், விரலால் தடவினால் தெரியும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் காந்தி உருவமும் 500 என்ற எண்ணும் நீரோட்டமாகத் தெரிய வேண்டும். அச்சடித்த நகலில் நிறம் மாறாது. இழை என்று தெரிவது பல சமயம் மேலே பூசிய மினுமினுப்பாகத்தான் இருக்கும். ஒரே ஓர் அடையாளத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். பலமுறை கைமாறிய நல்ல நோட்டில் மேட்டுக் கோடு தேய்ந்திருக்கும். எண்ணுக்கு நடுவே நட்சத்திரக் குறி உள்ள நோட்டு போலி என்று ஒரு வதந்தி சுற்றுகிறது. அது நல்ல நோட்டு. அச்சில் பழுதானதற்கு மாற்றாக ரிசர்வ் வங்கி வெளியிடுவது. சந்தேகம் தீரவில்லையா, "வேற நோட்டு குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கொடுத்தவருக்கும் தெரியாமல் வந்திருக்கலாம், எனவே கூட்டம் கூட்டாதீர்கள். ஒருவரே ஒரே மாதிரி நோட்டுகளை அடுத்தடுத்து நீட்டினால் மட்டும் காவல்துறையை அழையுங்கள்.

ஏடிஎம்மில் வந்தால் சிக்கல் வேறு விதம். இயந்திரத்தில் சரிபார்த்த நோட்டுகளைத்தான் வங்கி ஏடிஎம்மில் நிரப்ப வேண்டும். எனவே கேள்வி கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் பணம் எடுத்த ரசீதில் தொகை இருக்கும், நேரம் இருக்கும், நோட்டின் எண் இருக்காது. அந்த நோட்டு அதே இயந்திரத்திலிருந்துதான் வந்தது என்று காட்டுவதுதான் கடினம். அதனால் பணத்தை அறைக்குள்ளேயே எண்ணிப் பாருங்கள். சந்தேகம் வந்தால் வெளியே வராமல், அங்குள்ள கேமரா முன் நோட்டின் இரு பக்கத்தையும் காட்டுங்கள். காவலாளி இருந்தால் அவரிடம் சொல்லுங்கள். நோட்டை அதன் எண் தெரியும்படியும், கூடவே ரசீதையும் செல்பேசியில் படம் எடுங்கள். ரசீது வராவிட்டால் குறுஞ்செய்தியை வைத்திருங்கள், ஏடிஎம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அந்த ஏடிஎம் எந்த வங்கியுடையதோ அதன் கிளைக்குப் போங்கள். உங்கள் கார்டு வேறு வங்கியுடையது என்றால் அங்கும் புகாரின் ஒரு நகல் கொடுங்கள். வரிசை இங்கே முக்கியம். நோட்டைக் கொடுத்துவிட்டுப் பிறகு புகார் எழுதாதீர்கள். கவுன்ட்டரில் போன நோட்டு சாதாரணப் பறிமுதலாகப் பதிவாகிவிடும், ஏடிஎம் என்ற பேச்சே அதில் இருக்காது. தேதி, நேரம், ஏடிஎம் எண், தொகை, நோட்டு எண் எழுதிய புகாரை முதலில் மேலாளரிடம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். அந்த நேரத்து சிசிடிவி பதிவைப் பாதுகாக்க வேண்டும் என்று அதிலேயே எழுதுங்கள். பிறகு நோட்டை ஒப்படைத்து ஒப்புகை ரசீதையும் பெறுங்கள். 30 நாளில் பதில் வரவில்லை என்றாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்துக் கண்டுபிடித்த நோட்டுக்கு இந்த வழியிலும் பணம் திரும்பக் கிடைப்பது அரிது. ஆனாலும் அதே ஏடிஎம் பற்றி இன்னொருவரும் புகார் கொடுத்திருந்தால், உங்கள் கடிதம் இரண்டு பேருக்கும் சாட்சியாக நிற்கும்.