ஜாயின் கோட்டில் நின்றுபோகும் ஆர்டர்

ஆர்டர் நிறைவேற்றத்துக்கு, படிகள் எந்த வரிசையில் நடக்கும் என்று காட்டும் ஆக்டிவிட்டி டயகிராம் வரையும்போது, இணையாக நடக்கும் வேலைகளைக் காட்ட இரண்டு தடித்த கோடுகள் போடுகிறோம். முதல் கோடு ஃபோர்க், இரண்டாவது ஜாயின். படம் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் அதை அப்படியே மென்பொருளாக்கினால் சில ஆர்டர்கள் கடைசிப் படிக்கு வந்தே சேராது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஆர்டர் “செயல்பாட்டில்” என்ற நிலையிலேயே கிடக்கும். காரணம் பெரும்பாலும் ஜாயின் கோட்டுக்குள் நுழையும் அம்புகளின் எண்ணிக்கைதான்.

மென்பொருள் வடிவமைப்பை வரையும் குறியீட்டு மொழியான யூஎம்எல் 2-இல் ஆக்டிவிட்டி டயகிராம் டோக்கன் கணக்கில் ஓடுகிறது. படத்தின் மேல் ஒரு நாணயத்தை நகர்த்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஃபோர்க் கோட்டை அடைந்ததும் அந்த நாணயம், வெளியே போகும் ஒவ்வோர் அம்புக்கும் ஒன்றாகப் பெருகும். ஜாயின் கோடு, தனக்குள் வரும் எல்லா அம்புகளிலும் நாணயம் வந்து சேரும்வரை காத்திருந்து, ஒன்றாக்கி வெளியே விடும். டைமண்ட் வடிவம் வேறு: டிசிஷன் டைமண்ட் நாணயத்தை ஒரே ஒரு வழியில் அனுப்பும், மெர்ஜ் டைமண்ட் எந்த வழியில் வந்தாலும் காத்திராமல் அப்படியே கடத்திவிடும். ஃபோர்க்குக்கு “ஒரே நேரத்தில்” என்று பொருள் இல்லை, “எது முந்தினாலும் பரவாயில்லை” என்பதே பொருள். இரு கிளைகளையும் ஒரே ஆள் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தாலும் படம் சரிதான்.

ஆகவே கிளை பிரிக்கும் முன் ஒவ்வொரு வேலையிடமும் கேட்க வேண்டியது ஒன்று: உனக்கு இன்னொரு கிளையிலிருந்து ஏதாவது தேவையா? பலர் முதல் முயற்சியில் மூன்று கிளைகள் வரைவார்கள்: பொருளை எடுத்துப் பெட்டியில் அடைப்பது, கட்டணம் வசூலிப்பது, கூரியர் லேபிள் அச்சிடுவது. லேபிளில் எடை வேண்டும். எடை பெட்டியை மூடிய பிறகே தெரியும். அப்படியானால் லேபிள் தனிக் கிளை இல்லை, அடைக்கும் கிளையின் கடைசிப் படி. அதை ஜாயினுக்குக் கீழே தள்ளுவதும் வீண்தான், ஏனென்றால் லேபிள் காரணமில்லாமல் கட்டணக் கிளைக்காகக் காத்திருக்கும்.

மிஞ்சுவது இரண்டு கிளைகள். எடுப்பது 10 நிமிடம், அடைத்து எடைபோடுவது 7, லேபிள் 3, ஆக 20 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். கட்டணமும் இன்வாய்ஸும் 5 நிமிடம். வரிசையாகச் செய்தால் 25, இணையாகச் செய்தால் 20. ஜாயின் எப்போதும் நீளமான கிளைக்காகவே காத்திருக்கும் என்பதால், கட்டணக் கிளையை 1 நிமிடமாகச் சுருக்கினாலும் மொத்த நேரம் 20-தான்.

இனி சிக்கல் எழும் இடம். நிறுவன வாடிக்கையாளருக்கு மட்டும் இன்வாய்ஸ் அச்சிட வேண்டும் என்று ஒரு விதி வருகிறது. கட்டணக் கிளையில் ஒரு டிசிஷன் போடுகிறீர்கள். “ஆம்” என்றால் இன்வாய்ஸ் அச்சிட்டு ஜாயினுக்கு. “இல்லை” என்றால் நேரே ஜாயினுக்கு. இப்போது ஜாயினுக்குள் மூன்று அம்புகள்: அடைக்கும் கிளையிலிருந்து ஒன்று, டிசிஷனின் இரு வழிகளிலிருந்து இரண்டு. நாணயங்களோ எப்போதும் இரண்டுதான். மூன்றாவது அம்பில் எதுவும் வரப்போவதில்லை, ஜாயின் திறக்கப்போவதும் இல்லை. பெட்டி லேபிளோடு தயாராக இருக்கும், கூரியரிடம் போகாது. தீர்வு சின்னது: டிசிஷனின் இரு வழிகளையும் முதலில் ஒரு மெர்ஜ் டைமண்டில் சேர்த்து, அங்கிருந்து ஓர் அம்பை மட்டும் ஜாயினுக்கு விடுங்கள்.

இழுத்துப்போட்டு வரையும் கருவிகளில்தான் இந்தத் தவறு எளிதாக நடக்கும். பிளான்ட்யூஎம்எல் போல எழுதி வரையும் கருவியில் `endif` தானே மெர்ஜைப் போட்டுவிடுகிறது:

```
@startuml
start
:ஆர்டரைச் சரிபார்;
:இருப்பை ஒதுக்கு;
fork
  :பொருளை எடு;
  :அடைத்து எடை போடு;
  :லேபிள் ஒட்டு;
fork again
  :கட்டணம் வசூலி;
  if (நிறுவனமா?) then (ஆம்)
    :இன்வாய்ஸ் அச்சிடு;
  else (இல்லை)
  endif
end fork
:கூரியரிடம் ஒப்படை;
stop
@enduml
```

இதில் `end fork` என்பதற்குப் பதிலாக `end merge` என்று எழுதினால் ஜாயின் கோட்டின் இடத்தில் டைமண்ட் வந்துவிடும். அப்போது தவறு தலைகீழாகும்: முதல் நாணயம் வந்ததும் ஒப்படைப்பு நடக்கும், இரண்டாவதற்காகக் காத்திருக்காது. லேபிள் ஒட்டாத பெட்டிக்குக் கூரியரை அழைத்த கதை.

அதே காத்திருப்பு, கோடே இல்லாத இடத்திலும் ஒளிந்திருக்கும். எடுத்த பொருள் தவறாக இருந்தால் திரும்ப எடுக்கவேண்டும் என்று, “பொருளை எடு” என்ற பெட்டிக்கே ஓர் அம்பைத் திருப்பிவிடுவது பழக்கம். யூஎம்எல் 2-இல் ஒரு செயலுக்குள் இரண்டு அம்புகள் நுழைந்தால் இரண்டிலும் நாணயம் வந்த பிறகே அது தொடங்கும். திரும்பி வரும் அம்பில் நாணயம் வர, அந்தச் செயல் ஒருமுறையாவது நடந்திருக்க வேண்டும். ஆகவே அது தொடங்கவே தொடங்காது. யூஎம்எல் 1.x-இல் பழகியவர்கள் இங்கே தடுக்கி விழுவதில் வியப்பில்லை, அங்கே ஏதாவது ஓர் அம்பு போதும். அந்தச் செயலுக்கு முன்னால் ஒரு மெர்ஜ் டைமண்ட் போட்டு, இரு அம்புகளையும் அதற்குள் விடுங்கள்.

கட்டணம் தோற்றால் என்ன செய்வது? கட்டணக் கிளையிலிருந்து நேரே முடிவுக் குறிக்கு அம்பு விடுபவர்கள் உண்டு. வட்டத்துக்குள் கரும்புள்ளி உள்ள ஆக்டிவிட்டி ஃபைனல், படத்தில் உள்ள எல்லா நாணயங்களையும் அழித்துவிடும். பாதி அடைத்த பெட்டி மேசையில் இருக்கும், ஒதுக்கிய இருப்பை யாரும் விடுவிக்க மாட்டார்கள். வட்டத்துக்குள் பெருக்கல் குறி உள்ள ஃப்ளோ ஃபைனலைப் போட்டால் அந்தக் கிளையின் நாணயம் மட்டும் மறையும், ஜாயின் மறுபடி பட்டினி கிடக்கும். முறையான வழி, இரு கிளைகளையும் விட்டுவிட்ட கோட்டாலான ஒரு கட்டத்துக்குள் அடைப்பது. இன்டர்ரப்டிபிள் ரீஜியன் என்பது இதுதான். கட்டணம் தோற்றதும் மின்னல் வடிவ அம்பு வெளியேறும். கட்டத்துக்குள் மீதி நடப்பதெல்லாம் நிறுத்தப்படும். வெளியே “இருப்பை விடுவி”, “பொருளை அலமாரியில் திரும்ப வை” என்ற படிகள் ஓடும். கூரியரிடம் ஒப்படைப்பதை மட்டும் இந்தக் கட்டத்துக்கு வெளியே வையுங்கள், அதற்குப் பிறகு நடப்பது ரத்து இல்லை, பொருள் திரும்பல். அது வேறு படம். என்னைக் கேட்டால், கட்டண ஒப்புதலை ஃபோர்க்குக்கு முன்பே வாங்கிவிடுவது இதைவிட எளிது. சில நொடி தாமதத்தில் படம் பாதியாகச் சுருங்கும்.

வரைந்து முடித்ததும் உண்மையான நாணயங்களையே எடுத்து, ஒவ்வொரு டிசிஷனின் ஒவ்வொரு வழியிலும் ஒருமுறை நகர்த்திப் பாருங்கள். மேலே உள்ள படத்துக்கு இரண்டு ஓட்டங்கள் போதும்: நிறுவனம், நிறுவனமல்லாதவர். ஒவ்வோர் ஓட்டத்திலும் ஜாயின் ஒரே ஒருமுறை திறக்க வேண்டும், முடிவில் படத்தின் நடுவே நாணயம் எதுவும் மிஞ்சக் கூடாது. ஓட்டம் எப்போதும் ஓர் ஆர்டருக்கானது. இரண்டு ஆர்டர்களின் நாணயங்களை ஒரே படத்தில் கலந்து ஓட்டினால், ஒன்றின் பெட்டியும் மற்றதன் கட்டணமும் ஜாயினில் கைகோத்துவிடும்.

ஒரே ஆர்டரில் பல பொருட்கள் இருந்து, அவற்றை இணையாக எடுக்க வேண்டுமானால் ஃபோர்க் உதவாது. அதன் கிளைகளை வரையும்போதே எண்ணி முடித்தாக வேண்டும்; ஆர்டரில் எத்தனை பொருள் என்பது ஓடும்போதுதான் தெரியும். அதற்கு எக்ஸ்பான்ஷன் ரீஜியன் என்ற விட்டுவிட்ட கோட்டுப் பெட்டி இருக்கிறது. மூலையில் `«parallel»` என்று எழுதி, “பொருளை எடு” என்பதை அதற்குள் ஒரே ஒருமுறை வரைந்தால் போதும்.