கட் ஓஃப் என்றால் வெட்டுப்புள்ளி இல்லை

இந்த வருடம் எங்கள் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வந்த பிள்ளை ஒன்று, கையில் ஒரு தமிழ்க் கையேட்டோடு வந்து கேட்டது: “சேர், இந்த வெட்டுப்புள்ளிப் பரீட்சைக்கு எத்தனை மார்க்ஸ் எடுக்கோணும்?”

அதன் மேல் பிழையில்லை. இலங்கையில் உயர்தரம் எழுதிய எந்தப் பிள்ளைக்கும் வெட்டுப்புள்ளி என்றால் பல்கலைக்கழக அனுமதிதான், இசட் ஸ்கோர்தான். திருகோணமலை மாவட்டத்துக்கு இந்த முறை எவ்வளவு என்று வீடு வீடாகப் பேசுகிற சொல் அது. ஆங்கிலத்தில் ‘கட் ஓஃப் டெஸ்ட்’ என்று இருந்ததற்கு அந்தச் சொல்லை எடுத்து, பக்கத்தில் இருந்த ‘டெஸ்ட்’டைப் பரீட்சை ஆக்கி, கணக்காய்வுக் கையேட்டில் ஒட்டியிருக்கிறார் யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளர். இதே தலைப்பை நான் பார்ப்பது இது நாலாவது தடவை. இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

ஆங்கிலச் சொல்லின் கதை சின்னது. வெட்டித் துண்டாக்குவதற்கு இருந்த வினை, பிறகு ‘இதோடு நிறுத்து’ என்று சொல்லும் எல்லைக்கும் பெயராயிற்று. கணக்காய்வில் அதற்கு ஒரே பொருள்தான்: நடந்த கொடுக்கல் வாங்கல் எந்தக் கணக்குக் காலத்தில் நடந்ததோ அந்தக் காலத்தில்தான் பதியப்பட்டிருக்கிறதா? இந்தச் சொல்லில் புள்ளி எங்கும் இல்லை. இருப்பது இரண்டு காலத்துக்கு நடுவில் ஒரு கோடு.

ஒரு ஹார்ட்வெயார் ஸ்டோரை எடுத்துக்கொள்வோம். மார்ச் 31 வருட முடிவு. அன்று பின்னேரம் இருப்பு எண்ணுகிறார்கள். மத்தியானம் ஒரு லொறி வந்து 400 மூடை சீமெந்து இறக்கிவிட்டுப் போயிருந்தது. பொருள் பெற்ற சீட்டு, அதாவது எல்லாரும் சொல்லும் ஜீ.ஆர்.என்., இலக்கம் 1187. மூடைகள் அடுக்கில் நிற்பதால் எண்ணிக்கையிலும் ஏறிவிட்டன. ஆனால் விற்றவருடைய பில் ஏப்ரல் 2ஆம் திகதிதான் வந்தது. கிளார்க் அதை ஏப்ரல் கொள்வனவில் போட்டுவிட்டார். மூடை 2,000 ரூபா என்றால், இருப்பில் 8 இலட்சம் கூடியிருக்கிறது, கொள்வனவில் ஒரு சதமும் ஏறவில்லை. அந்த 8 இலட்சமும் அப்படியே இலாபமாகத் தெரியும். அடுத்த வருடம் அதே தொகை இலாபத்தில் குறையும்.

விற்பனைப் பக்கம் இன்னும் வேடிக்கை. மூதூர் வாடிக்கையாளர் ஒருவருக்கு 120 மூடை, மூடை 2,150 ரூபா, அவருடைய இடத்தில் கொண்டுபோய் இறக்கிக் கொடுக்க வேண்டும் என்பது பேச்சு. மார்ச் 31 காலையில் பில் போட்டார்கள், 258,000 ரூபா. லொறி புறப்பட்டது ஏப்ரல் 2 காலை. மூடைகள் ஸ்டோரிலேயே கிடந்ததால் அவற்றையும் எண்ணிவிட்டார்கள். விற்றதாகவும் இருக்கிறது, கையில் வைத்திருப்பதாகவும் இருக்கிறது. மூடைகள் இன்னும் வாடிக்கையாளர் கைக்குப் போகவில்லை, ஆகவே இருப்பில் கை வைக்கத் தேவையில்லை. 258,000 ரூபா விற்பனையை அடுத்த வருடத்துக்குத் தள்ள வேண்டும். இரண்டையும் சேர்த்தால் 1,058,000 ரூபா பொய்யான இலாபம், அதுவும் யாரும் களவெடுக்காமல்.

இதைப் பிடிக்கும் வழி எளிது. இருப்பு எண்ணும்போதே கடைசிப் பொருள் பெற்ற சீட்டின் இலக்கத்தையும், வெளியே போன கடைசி கேட் பாஸின் இலக்கத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு அந்த இலக்கங்களுக்கு முன்னால் ஐந்தாறு, பின்னால் ஐந்தாறு சீட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றும் பேரேட்டில் எந்தக் காலத்தில் ஏறியது என்று பார்க்க வேண்டும். பேரேட்டிலிருந்து சீட்டுக்குத் திரும்பியும் வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால், சீட்டே இல்லாமல் பதிந்த விற்பனை தப்பிவிடும். திகதியை விட இலக்கத்தைத்தான் நம்பலாம். திகதி கையால் எழுதுவது, இலக்கம் அச்சில் வருவது. 1188ஆம் சீட்டில் மார்ச் 30 என்று இருந்தால் ஸ்டோர்கீப்பரோடு பேச வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். விற்பனையைத் திருப்பி ஏப்ரலில் வாடிக்கையாளருக்குப் போட்ட கிரெடிட் நோட்டுகளையும் புரட்டிப் பாருங்கள். மார்ச் கடைசியில் ஊதின விற்பனை பல நேரம் அந்த வழியாகத்தான் திரும்பி வரும்.

சரி, சொல்லுக்கு வருவோம். வெட்டுப்புள்ளி வேண்டாம் என்றால் ‘துண்டிப்புச் சோதனை’ என்கிறார்கள் சிலர். பில் கட்டாதவன் வீட்டு வாசலில் மின்சாரக்காரர் வந்து நிற்பதுதான் எனக்கு ஞாபகம் வருகிறது. இங்கே எதையும் துண்டிப்பதில்லையே. வியாபாரம் 31ஆம் திகதி இரவும் ஓடுகிறது, 1ஆம் திகதி காலையும் ஓடுகிறது. ‘இறுதித் திகதிச் சோதனை’ அதை விட மோசம். விண்ணப்பம் அனுப்பும் கடைசி நாள் மாதிரி இருக்கிறது. அதோடு அது பொருளையும் கோணலாக்கும். தூத்துக்குடியில் மார்ச் 28 எஃப்.ஓ.பி. முறையில் கப்பலேறிய டைல்ஸ், கொழும்பில் இறங்கி இங்கே வந்து சேர ஏப்ரல் நடுப்பகுதி ஆகும். ஸ்டோருக்கு வந்த திகதியைப் பார்ப்பவர் அதை அடுத்த வருடம் என்பார். ஆனால் கப்பலில் ஏற்றிய உடனேயே பொறுப்பு வாங்கியவர் தலையில் விழுந்துவிட்டது. ஆகவே அது வழியில் உள்ள இருப்பாகவும், கொடுக்க வேண்டிய கடனாகவும் இந்த வருடக் கணக்கில்தான் நிற்க வேண்டும்.

எனக்கு ஆசையாக இருந்த சொல் ‘வரம்பு’. கிண்ணியாவிலும் கந்தளாயிலும் வயல் செய்கிறவர்களுக்கு விளக்கமே தேவையில்லை: இந்த வயல் தண்ணீர் அந்த வயலுக்குப் போகாமல் நிறுத்துவதுதான் வரம்பு. ஆனால் கடன் வரம்பு, செலவு வரம்பு என்று அது ஏற்கெனவே ‘இதற்கு மேல் கூடாது’ என்ற பொருளில் எங்கள் கோப்புகளில் உட்கார்ந்துவிட்டது. இரண்டு வேலையை ஒரே சொல்லிடம் கொடுத்தால் குழப்பம்தான். மனமில்லாமல் கைவிட்டேன்.

நான் எழுதுவது ‘கணக்கெல்லை’. சோதிப்பது கணக்கெல்லைச் சோதனை. மாத முடிவுக்கும் பொருந்தும், வருட முடிவுக்கும் பொருந்தும். கணக்கெல்லைப் பிழை, கணக்கெல்லைக்கு முந்திய சீட்டு என்று நீட்டவும் வளைந்து கொடுக்கும். வாயில் கட் ஓஃப் என்று சொல்வதில் எனக்கு ஆட்சேபமில்லை, நானும் அப்படித்தான் சொல்கிறேன். அச்சில் தமிழ் என்று போட்டுவிட்டுத் தப்பான தமிழைப் போடுவதுதான் எரிச்சல். அகராதியைத் திறக்கிறார்கள், ‘கட்’ என்றால் வெட்டு, வேலை முடிந்தது. ஒரு தடவையாவது இருப்பு எண்ணுகிற இடத்தில் போய் நின்றிருந்தால் தெரிந்திருக்கும். இந்தியப் புத்தகத்திலிருந்து ‘தணிக்கை’யை அப்படியே தூக்கிப் போடுவதும் இதே ஆட்கள்தான். இங்கே தணிக்கை என்றால் படத்தில் காட்சியை வெட்டுவது. நாங்கள் செய்வது கணக்காய்வு.

அந்தப் பிள்ளையை அடுத்த இருப்பு எண்ணலுக்குக் கூட்டிப் போனேன். அங்கே இருபது வருடமாக ஸ்டோர் பார்க்கும் ஐயா, கடைசி லொறி போன பிறகு பொருள் பெற்ற சீட்டுப் புத்தகத்தை விரித்து, கடைசிச் சீட்டின் கீழே சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். இழுத்துவிட்டு எங்களைப் பார்த்துச் சொன்னார்: “கோடு கிழிச்சாச்சு. இனி வாறதெல்லாம் புது வருசம்.” பிள்ளை கையேட்டை எடுத்து, தலைப்பில் இருந்த ‘புள்ளி’யை அடித்துவிட்டு மேலே ‘எல்லை’ என்று எழுதியது. ‘பரீட்சை’யை மறந்துபோய் அப்படியே விட்டுவிட்டது.