தணிக்கை நிகழ்தகவா, பிடிபடும் நிகழ்தகவா?

‘வரி ஏய்ப்பு’ நல்ல சொல். ஏய்த்தல் என்றால் வஞ்சித்தல். சட்டத்துக்கு உட்பட்டு வரியைக் குறைத்துக்கொள்ளும் ‘வரி தவிர்ப்பு’ வேறு என்பதை அது தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. இடறுவது, பொருளியலைத் தமிழில் எழுதும் நாம் கையாளும் இன்னொரு சொல்லில்.

1972இல் ஆலிங்காம், சாண்ட்மோ என்ற பொருளியலர்கள் வரி ஏய்ப்பை ஒரு சூதாட்டமாகக் கணக்கிட்டார்கள். ஒருவர் மறைத்தால் கிடைக்கும் ஆதாயம், அகப்பட்டால் கட்டும் அபராதம், அகப்படும் வாய்ப்பு ஆகிய மூன்றையும் எடைபோட்டே எவ்வளவு மறைப்பது என்று முடிவு செய்கிறார் என்றார்கள். அந்த மூன்றாவதைத்தான் ‘தணிக்கை நிகழ்தகவு’ என்று எழுதிவருகிறோம்.

வேலூரில், மருத்துவமனைக்கு வருவோர் தங்கும் விடுதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். உரிமையாளர் இரண்டு பில் புத்தகம் வைத்து ரூ.1,00,000 வருமானத்தை மறைக்கிறார். 30 விழுக்காடு வரி என்றால் மிச்சம் ரூ.30,000. வருமானத்தைத் தவறாகக் காட்டினால் அந்த வரியைப்போல் இருமடங்கு அபராதம் என்றது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 270ஏ பிரிவு. அகப்பட்டால், வரியோடு ரூ.60,000 கூடுதலாகப் போகும். வட்டியைத் தள்ளிப் பார்த்தால், மூன்றில் ஒரு வாய்ப்புக்கு மேல் அகப்படுவார் என்றால்தான் மறைப்பது நட்டம். வரி 20 விழுக்காடானாலும் இதே மூன்றில் ஒன்றுதான்; அபராதம் வரியின் மடங்காக இருப்பதால் விகிதம் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. 1974இல் இட்ஷாக்கி என்ற பொருளியலர் இதையே ஒரு படி மேலே கொண்டுபோனார்: வரி ஏறினால் கையிருப்பு குறைந்து அச்சம் கூடும், ஆகவே ஏய்ப்பு குறையும். வரியைக் கூட்டினால் ஏய்ப்பும் கூடும் என்ற நம் பொதுப்புத்திக்கு நேர் எதிரான முடிவு இது.

இப்போது தணிக்கை நூற்றில் ஒருவருக்குத்தான் வருகிறது என்று வையுங்கள். விடுதிக்காரரின் எதிர்பார்ப்பு ஆதாயம் ரூ.29,100. அப்படியானால் எல்லாருமே மறைக்க வேண்டும். ஆனால் அதே தெருவில் இருக்கும் பள்ளி ஆசிரியை ஒரு ரூபாயும் மறைப்பதில்லை. அவர் குணம் உயர்ந்ததாகவே இருக்கலாம். ஆனால் காரணத்தை அங்கே தேட வேண்டியதில்லை. சம்பளத்தில் வரியைப் பிடித்து, அந்த விவரத்தைப் பள்ளியே துறைக்கு அனுப்பிவிடுகிறது. அதிகாரி வராமலே, மறைத்த மறுகணம் கணக்கு இடிக்கும். அவருக்குத் தணிக்கை வாய்ப்பு நூற்றில் ஒன்று. பிடிபடும் வாய்ப்போ ஏறக்குறைய உறுதி. 2011இல் வெளியான டென்மார்க் ஆய்வும் இதையே கண்டது: பிறர் தகவல் தரும் வருமானத்தில் ஏய்ப்பு மிகச் சொற்பம், தானே சொல்லும் வருமானத்தில் கணிசம்.

‘தணிக்கை’ உருது வழி வந்த சொல். தாசில், ஜமாபந்தி, வசூல் போல நவாபு கண்ட ஆற்காட்டுச் சீமைக்குப் பழக்கமான வருவாய்த்துறைச் சொற்களின் உறவு. இலங்கைத் தமிழில் அதைக் ‘கணக்காய்வு’ என்கிறார்கள். எனக்கு அது பிடிக்கும். ஆனால் எந்தச் சொல்லைப் போட்டாலும், கணக்கைப் பார்க்க ஆள் வரும் காட்சியே மனத்தில் எழுகிறது. ஆகவே இந்தப் பொருளியல் மாதிரியை விளக்கும்போது ‘பிடிபடும் நிகழ்தகவு’ என்றே எழுத வேண்டும் என்பேன். விடுதிக்கு வருவோர் ரொக்கத்தை விட்டு வங்கி வழியாகப் பணம் செலுத்தத் தொடங்கினால், தணிக்கை ஒன்றுகூடக் கூடாமலே அந்த எண் ஏறிவிடும்.